பெயரை மாற்றினாலும் பொருந்துகிற நன்றிக் கடிதம்

அலுவலகக் கடிதங்களும் மின்னஞ்சல்களும் எழுதப் பயிற்சி தருவது என் வேலை. புகார், விளக்கம், ராஜினாமா என்று எல்லா வகையும் திருத்தத்துக்கு வரும். அவற்றில் ஆகச் சப்பென்று இருப்பது நன்றிக் கடிதம்தான். புகார் எழுதும்போது என்றைக்கு நடந்தது, யார் என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார் என்று ஒன்றுவிடாமல் எழுதுகிறவர், நன்றி எழுத உட்கார்ந்தால் தேதியையும் சம்பவத்தையும் மறந்துவிடுகிறார். வெறும் பாராட்டுச் சொற்கள் மட்டும் மிஞ்சுகின்றன.

கணக்குப் பிரிவில் நான்கு வருடம் வேலை பார்த்த ஒரு பெண், வேறு இடத்துக்கு மாறும் முன் தனக்குத் தொழில் கற்றுத்தந்த மூத்தவருக்கு எழுதியதைக் காட்டினார்.

“மதிப்பிற்குரிய சார், தங்களின் மேலான வழிகாட்டுதலுக்கும் இடைவிடாத ஊக்கத்துக்கும் என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். தங்களிடம் கற்றவை ஏராளம். அதைச் சொல்ல வார்த்தைகளே இல்லை. தாங்கள் இல்லையென்றால் நான் இந்த நிலைக்கு வந்திருக்க முடியாது.”

பிழை ஒன்றும் இல்லை. “இதையே உங்கள் மேலாளருக்கு அனுப்பினால் பொருந்துமா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “யாருக்கு அனுப்பினாலும் பொருந்தும்” என்று சிரித்தார். நான் வைக்கிற சோதனை இது ஒன்றுதான். மேலே உள்ள பெயரை மாற்றியும் கடிதம் அப்படியே நிற்கிறது என்றால், அது அந்த மனிதருக்கு எழுதப்பட்டதில்லை.

அவரிடம் இருந்தது நன்றியுணர்வுக் குறைவு இல்லை. தன் எழுத்து சரியாக வருமா என்கிற பயம். பயம் வந்தால் கை தானாகவே அழைப்பிதழ்த் தமிழுக்குப் போய்விடும். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பேசுகிறது. நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுகிறவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று உண்மையைவிட அதிகமாக நினைத்தார்கள். அவர் அடையப்போகும் மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். எழுதுகிறவர் சொல்நேர்த்தியைப் பற்றிக் கவலைப்படுகிறார், படிக்கிறவர் அதிலுள்ள அன்பைப் பார்க்கிறார்.

ஆகவே அந்த வரைவை ஓரமாக வைத்துவிட்டு, “இன்றைக்கும் எந்த வேலையை அவர் காட்டிய விதத்திலேயே செய்கிறீர்கள்?” என்று கேட்டேன். “அவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்” என்று கேட்டிருந்தால் மறுபடியும் ‘ஏராளம்’தான் வந்திருக்கும். இந்தக் கேள்விக்கு உடனே பதில் வந்தது: “கணக்கு உதைத்தால் முதலில் ஒன்பதால் வகுத்துப் பார்ப்பேன்.”

கதை இதுதான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதக் கடைசி. வங்கிக் கணக்கும் அலுவலகப் பேரேடும் 450 உதைக்கிறது. சாயங்காலத்திலிருந்து தேடுகிறார், கிடைக்கவில்லை. கிளம்புவதற்காகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்ட மூத்தவர் நின்று, “ஒன்பதால வகுத்துப் பாரும்மா” என்கிறார். மீதியில்லாமல் 50 வருகிறது. அப்படி வந்தால், எங்கேயோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறிப் பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லிக்கொடுக்கிறார். பிறகு பையை இறக்கிவைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறார். தான் தேடவில்லை. இருபது நிமிடம் கழித்து இவரே கண்டுபிடிக்கிறார்: 8,613 என்பது 8,163 என்று பதிவாகியிருந்தது. பதிந்தது இவர்தான்.

“அவர் வேறு என்ன செய்திருக்கலாம்?” என்று கேட்டேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று கிளம்பியிருக்கலாம். அல்லது ஐந்து நிமிடத்தில் தானே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். நன்றிக் கடிதத்தின் உயிர் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம். சுலபமான வழிகள் இருந்தும் அவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது தெரிந்தால், எதற்கு நன்றி சொல்கிறோம் என்பது நமக்கே தெளிவாகிவிடும். இங்கே அது ஒன்பதின் சூத்திரம்கூட இல்லை, அந்த நாற்காலி.

பழைய தமிழில் ‘நன்றி’ என்ற சொல்லே செய்யப்பட்ட நன்மையைத்தான் குறித்தது. செய்ந்நன்றி என்றால் செய்த நன்மை. பிற்காலத்தில் அது நாம் ‘தெரிவித்துக்கொள்ளும்’ ஒன்றாகிவிட்டது. கடிதத்தில் அந்தப் பழைய பொருளுக்குத் திரும்பினால் போதும். முதல் வரைவில் இருந்தது இவருடைய உயர்வு. இரண்டாவதில் இருக்க வேண்டியது அவருடைய செயல்.

கடைசியில் எழுதியது இது:

“சார், நான் சேர்ந்த இரண்டாவது மாதக் கடைசியில் வங்கிக் கணக்கு 450 உதைத்தது. நீங்கள் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள். ஒன்பதால் வகுக்கச் சொல்லிவிட்டு, பையை இறக்கிவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். நீங்களே தேடியிருந்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போயிருக்கலாம். நான் கண்டுபிடிக்கும்வரை பேசாமல் இருந்தீர்கள். தப்பு என்னுடையது என்று தெரிந்தும் மறுநாள் ‘கணக்கு நேராகிவிட்டது’ என்று மட்டும்தான் எல்லோரிடமும் சொன்னீர்கள். இப்போது புதிதாக வந்திருக்கும் இரண்டு பேருக்கும் நான் பக்கத்தில் உட்கார்கிறேன். விசைப்பலகையைத் தொடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. அன்றைக்கு உட்கார்ந்ததற்கு நன்றி சார்.”

‘தாங்கள்’ போய் ‘நீங்கள்’ வந்திருப்பதைக் கவனியுங்கள். நேரில் எப்படிப் பேசுவாரோ அதே மரியாதைதான், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. முடிவில் ‘நீங்கள் ஒரு மிகச் சிறந்த ஆசான்’ என்று சேர்க்க ஆசைப்பட்டார். நாற்காலி அதைச் சொல்லிவிட்டது என்றேன். அரை மனதோடுதான் விட்டுக்கொடுத்தார்.

இதில் இரண்டு இடத்தில் தடுத்தேன். ஒன்று, மேலாளருக்கும் நகல் வைக்க நினைத்தார். நல்லெண்ணம்தான். ஆனால் இவருடைய தவறை அந்த மனிதர் வெளியே சொல்லாமல் காத்தது அந்தக் கடிதத்தில் இருக்கிறது. அதை மேலாளர் படித்தால், மூடிமறைத்ததாக அர்த்தம் ஆகலாம். பலர் பார்க்கப் போகிற நன்றி என்றால் அந்த வரியை எடுத்துவிட்டுத் தனியாக எழுத வேண்டும். இன்னொன்று, அடியில் ‘ஒரு பரிந்துரைக் கடிதமும் கிடைத்தால் உதவியாக இருக்கும்’ என்று ஒரு வரி. அது வந்துவிட்டால் மேலே எழுதியதெல்லாம் அதற்கான முன்னுரையாகிவிடும். கேட்பது தப்பில்லை, ஆனால் வேறொரு நாளில் வேறொரு கடிதத்தில் கேட்கலாம்.

எவ்வளவு யோசித்தும் ஒரு சம்பவமும் நினைவுக்கு வராத ஆட்களும் உண்டு. அப்போது பழைய மின்னஞ்சல்களைப் புரட்டிப் பார்க்கச் சொல்வேன். அதிலும் கிடைக்காவிட்டால், “உங்களோடு வேலை பார்த்த நாட்கள் நன்றாக இருந்தன, நன்றி” என்ற ஒற்றை வரி போதும். இல்லாத ஆழத்தை இட்டுக்கட்டினால் படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

அந்தப் பெண்ணுக்கு மறுநாளே பதில் வந்தது. எனக்கும் காட்டினார். “இப்படி உட்கார்ந்தது எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லைம்மா. ஒன்பதால் வகுக்கச் சொன்னது நானாகத்தான் இருக்கும். அந்த இரண்டு பேரில் யார் முதலில் கண்டுபிடித்தார்கள்?”