41 எபிசோட்டா, 48 எபிசோட்டா? ஒரே தொடருக்கு நாட்டுக்கொரு கணக்கு ஏன்

கிளிநொச்சியில் இருந்துகொண்டு தமிழ் சப்டைட்டில் எழுதிக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பலர் மொழி படிக்கிறவர்கள். ஜேர்மனியில் இருக்கும் கணவனிடம் போவதற்கு ஏ1 சோதனை எடுக்க வேண்டிய பெண்கள், பிரான்சில் இருக்கும் தகப்பனிடம் போக விசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள். கதை தெரிந்த ஒரு தொடரை அந்த மொழியில் போட்டு, கீழே தமிழ் வரியோடு பார்த்தால் காது பழகும் என்று வருகிறார்கள். நல்ல வழிதான். ஆனால் தொடரின் பெயரிலும் எபிசோட் எண்ணிலும் குழம்பி, பிழையான கோப்போடு பல நாளை வீணாக்குகிறவர்களை அடிக்கடி காண்கிறேன். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

புதுக்குடியிருப்பில் இருந்து வந்த ஒரு தங்கச்சியின் கதையைச் சொல்கிறேன். ஜேர்மனியில் உள்ள கணவர் ‘ஹவுஸ் டெஸ் கெல்டெஸ்’ பார் என்றாராம். பாரிஸ் மாமா ‘லா காசா தே பாப்பெல்’ நல்லது என்றாராம். கனடா அண்ணன் ‘மணி ஹைஸ்ட்’ என்றாராம். “அண்ணை, இது மூண்டும் மூண்டு நாடகமோ?” என்று கேட்டார். மூன்றும் ஒன்றுதான். ஸ்பெயினின் அரச நாணயச்சாலைக்குள் புகுந்து பணம் அச்சடிக்கும் கூட்டத்தின் கதை. பிரான்சில் ஸ்பானியப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். ஜேர்மனியும் இத்தாலியும் தங்கள் மொழியில் பெயர் வைத்தன. ஆங்கிலத்துக்கு மட்டும் முற்றிலும் வேறு பெயர். ஸ்பானியப் பெயரை அப்படியே மொழிபெயர்த்து ஆங்கிலத்தில் ‘ஹவுஸ் ஆஃப் பேப்பர்’ என்று வைத்திருந்தால், நெட்பிளிக்ஸில் 2013 முதல் ஓடிய ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ என்ற தொடரோடு பார்வையாளர்கள் குழம்பியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

பெயர்க் குழப்பம் ஒரு தொலைபேசி அழைப்போடு தீர்ந்துவிடும். எண் குழப்பம் அப்படித் தீராது. இந்தத் தொடர் மொத்தம் 41 எபிசோட் என்று ஒருவர் சொல்வார், 48 என்று இன்னொருவர் சொல்வார். இருவரும் சொல்வது சரி. ஒரே நெல்லை ஒருவர் மரைக்காலாலும் மற்றவர் புசலாலும் அளந்தது போலத்தான்.

நடந்தது இதுதான். 2017இல் இந்தத் தொடர் ஸ்பெயினின் அன்டெனா 3 என்ற தொலைக்காட்சியில் ஓடியது. அங்கே இரவு நேரத் தொடர்கள் நீளமானவை. ஓர் எபிசோட் ஏறத்தாழ 70 நிமிடம் போகும், விளம்பரங்களும் சேர்ந்தால் ஓர் இரவின் பெரும்பகுதி அதிலேயே நிரம்பிவிடும். அந்தக் கணக்கில் முதல் இரண்டு பாகங்களும் 9, 6 என்று 15 எபிசோட்கள். பிறகு நெட்பிளிக்ஸ் உலக உரிமையை வாங்கியது. மற்ற நாட்டுப் பார்வையாளர்களுக்குப் பழகிய நீளம் 40 முதல் 50 நிமிடம். ஆகவே அதே காட்சிகளை மறுபடி வெட்டி 13, 9 என்று 22 எபிசோட்களாக்கினார்கள். மூன்றாம் பாகத்தில் இருந்து நெட்பிளிக்ஸுக்காகவே தயாரித்தார்கள். அதன் பிறகு வந்த 8, 8, 10 எபிசோட்களும் எல்லா நாட்டிலும் ஒரே எண்ணில்தான் இருக்கின்றன. 15உடன் 26ஐக் கூட்டினால் 41. 22உடன் 26ஐக் கூட்டினால் 48. பிரச்சினை முதல் இரண்டு பாகங்களோடு முடிந்துவிடுகிறது.

அந்தத் தங்கச்சி கொண்டுவந்த பென்ட்ரைவில் இருந்தது S01E03 என்று பெயரிட்ட ஒரு சப்டைட்டில் கோப்பு. அவர் பார்ப்பது நெட்பிளிக்ஸில், அதே மூன்றாம் எபிசோட். எண் ஒன்றாக இருந்தும் ஒரு வரிகூடப் பொருந்தவில்லை. கோப்பைத் திறந்து கடைசி வரியின் நேரத்தைப் பார்த்தேன், ஒரு மணி பத்து நிமிடத்துக்குப் பக்கத்தில் நின்றது. வீடியோவோ 50 நிமிடம்கூட இல்லை. கோப்பு ஸ்பானிய வெட்டுக்கு எழுதப்பட்டது என்பதற்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடமும் ஆகாது. எந்தத் தொடருக்கும் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும்.

இனிக் கணக்கு. நெட்பிளிக்ஸ் எபிசோட்டைச் சராசரி 48 நிமிடம் என்று வைத்தால், மூன்றாவது எபிசோட் கதையின் 96ஆம் நிமிடத்தில் தொடங்கி 144இல் முடியும். ஸ்பானிய இரண்டாவது எபிசோட் 70இல் இருந்து 140 வரை. அதாவது அவருக்கு வேண்டிய வரிகளில் பெரும்பகுதி இரண்டாம் கோப்பில், சுமார் 26ஆம் நிமிடத்துக்குப் பிறகு கிடக்கிறது. மூன்றாம் கோப்பில் தொடக்கத்துச் சில நிமிடங்கள் மட்டுமே தேவைப்படும். இரண்டாம் கோப்பின் நேரங்களில் 26 நிமிடத்தைக் கழித்தால் இப்படி மாறும்:

```
00:26:14,000 --> 00:26:17,200
00:00:14,000 --> 00:00:17,200
```

இது தோராயம். எபிசோட்களின் நீளம் ஒரே அளவில் இல்லை. வெட்டி ஒட்டும்போது ஒவ்வொரு புதிய முடிவுக்கும் ஒரு பரபரப்பான இடம் தேடுவார்கள், தலைப்புக் காட்சி இடம் மாறும், ஓர் எபிசோட்டின் நடுவே வந்த பெயர்ப்பட்டியல் போய்விடும். ஆகவே முதல் வசனத்தைக் காதால் கேட்டுப் பிடித்து, அதற்குரிய வரியைக் கோப்பில் தேடி, இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தையே கழிக்க வேண்டும்.

கழித்த பிறகும் வரிகள் விலகினால், விலகும் விதமே காரணத்தைச் சொல்லிவிடும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு விலகினால் தொடக்கப் புள்ளி மட்டும் பிழை. சரியாகப் போய்க்கொண்டிருந்து ஓரிடத்தில் திடீரென்று தாவினால், அந்த இடத்தில் ஒரு காட்சி வெட்டப்பட்டிருக்கிறது அல்லது சேர்க்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து மட்டும் திருத்த வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போனால் அது ஓடும் வேகத்தின் வித்தியாசம். வினாடிக்கு 24 படமாக எடுத்ததை ஐரோப்பிய முறைத் தொலைக்காட்சிகளும் டிவிடிகளும் 25 ஆக ஓட்டுவது வழக்கம். பத்து நிமிடத்துக்கு 24 வினாடி கழன்றுவிடும். அப்படிப்பட்ட கோப்பில் ஒரே எண்ணைக் கழித்துக்கொண்டிருப்பது வீண்வேலை, முழு நேரத்தையும் விகிதப்படி நீட்டவோ சுருக்கவோ வேண்டும். சப்டைட்டில் மென்பொருட்களில் அதற்கு வசதி உண்டு.

வெட்டு மாறாமல் வரிசை மட்டும் மாறுவதும் உண்டு. அமெரிக்காவின் ‘ஃபயர்ஃபிளை’ 14 எபிசோட்களாக எடுக்கப்பட்டது. கதாபாத்திரங்களை அறிமுகப்படுத்தும் இரண்டு மணிநேர முதல் எபிசோட் தொலைக்காட்சி நிறுவனத்துக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவதாக வர வேண்டியதை 2002 செப்டெம்பரில் முதலாவதாகப் போட்டார்கள். அறிமுக எபிசோட் டிசெம்பரில், கடைசியாக வந்தது. மூன்று எபிசோட்கள் அப்போது ஒளிபரப்பாகவே இல்லை. அடுத்த வருடம் வந்த டிவிடியில்தான் எல்லாம் நினைத்த வரிசையில் கிடைத்தது. பார்வையாளருக்கு இது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன். ஒரு நாடு ஒளிபரப்பு வரிசையையும் இன்னொரு நாடு டிவிடி வரிசையையும் பின்பற்றினால், இரண்டு நாட்டுப் பட்டியலும் ஒத்துப்போகாது.

அதனால்தான் TheTVDB போன்ற இணையப் பட்டியல்கள் ஒரே தொடருக்கு, ஒளிபரப்பானபடி Aired, டிவிடியில் வந்தபடி DVD, சீசன் பிரிக்காமல் தொடர்ந்து எண்ணும் Absolute என்று வெவ்வேறு வரிசைகளை வைத்திருக்கின்றன. சேமித்த வீடியோக்களை ஒழுங்குபடுத்திக் காட்டும் Jellyfin மென்பொருளை வீட்டில் வைத்திருப்பவர்கள் தொடரின் அமைப்பில் எது தெரிவாகியிருக்கிறது என்று பாருங்கள். டிவிடியில் இருந்து எடுத்த எபிசோட்களுக்கு Aired இருந்தால் ஒவ்வொன்றின் பெயரும் கதைச்சுருக்கமும் மாறி நிற்கும்.

நெட்பிளிக்ஸில் பார்க்கிறவர்களுக்கு இன்னொன்று. இலங்கையில் இருந்து திறந்தால் வேண்டிய ஒலிமொழி சிலவேளை கண்ணில் படாமல் இருக்கலாம். உங்கள் கணக்கில் ஒரு புரொஃபைலின் மொழியை ஜேர்மனுக்கு மாற்றினால், ஜேர்மன் ஒலி இருந்தால் பட்டியலில் வந்துவிடும், தொடரின் பெயரும் கணவர் சொன்ன அதே பெயராக மாறும். வேலை தர வரும்போது எபிசோட் எண்ணை மட்டும் சொல்லாமல் வீடியோவின் முழு நீளத்தையும் முதல் வசனம் வரும் நேரத்தையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.