ஏழு எண்ணும் கை

ஆதி தாளம் போடும்போது எந்த அட்சரத்தில், அதாவது எத்தனையாவது எண்ணிக்கையில், இருக்கிறோம் என்பதைக் கையே காட்டிவிடும். சுண்டுவிரல் மடங்கினால் இரண்டு, மோதிரவிரல் மடங்கினால் மூன்று. சாப்பு தாளங்களில் இந்த வசதி கிடையாது. விரல் எண்ணுவதில்லை, தட்டு மட்டும்தான். எல்லாத் தட்டும் ஒரே மாதிரி கேட்கும்போது தாளச் சுற்று தொடங்கும் இடமான சமத்தைப் பாடகர் எப்படிப் பிடிக்கிறார்? தட்டுகளுக்கு நடுவே இருக்கும் நேரத்தை வைத்துத்தான்.

மிஸ்ர சாப்பில் ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, ஏழு அட்சரம். அது மூன்றும் நாலுமாகப் பிரியும்: ‘தகிட தகதிமி’. தட்டு ஒன்று, நாலு, ஆறு ஆகிய இடங்களில் விழும். சிலர் முதல் பகுதியில் இன்னொரு தட்டும் சேர்ப்பார்கள், அதை இங்கே விட்டுவிடலாம். ஆக இடைவெளிகள் 3, 2, 2. நீளமானது ஒன்றுதான். அது எந்தத் தட்டிலிருந்து தொடங்குகிறதோ அதுதான் சமம். கச்சேரிக்குப் பாதியில் வந்து உட்கார்கிறவர்கூட இரண்டு சுற்று கேட்டால் கண்டுபிடித்துவிடலாம்.

கண்ட சாப்பு இதற்கு நேர்மாறு. ஐந்து அட்சரம், ‘தக தகிட’. தட்டு ஒன்று, மூன்று, நாலில் விழுவதால் இடைவெளிகள் 2, 1, 2. இங்கே குட்டியானதுதான் அடையாளம். அடுத்தடுத்து இரண்டு தட்டு ஒட்டினாற்போல் விழுந்தால், அதற்குப் பிறகு வரும் தட்டு சமம்.

மூன்று தட்டும் சம தூரத்தில் விழுந்தால் எது முதல் தட்டு என்று காதால் சொல்லவே முடியாது. கோணல்தான் இங்கே குறி. ஆனால் இதற்கும் ஒரு எல்லை உண்டு. நாலை முன்னாலும் மூன்றைப் பின்னாலும் வைத்துப் பாடும் விலோம சாப்பில் இடைவெளிகள் 2, 2, 3. வட்டமாகச் சுற்றிவந்தால் இதுவும் மிஸ்ர சாப்பின் அதே வரிசைதான். தட்டை மட்டும் கேட்டால் இரண்டையும் பிரிக்க வழியில்லை. சாகித்யம் எங்கே கால் ஊன்றுகிறது என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மிஸ்ர சாப்பை இந்த இரு விதமாகவும் கையாண்டவர் சியாமா சாஸ்திரிகள் (1762–1827).

சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் நடக்கும் பாட்டு வகுப்புக்கு உறுமி அடிக்கிற பையன்களும் வருவார்கள். கையில் வலு உண்டு, காலப்பிரமாணமும் சுத்தம். ஆனால் ஏழு வந்தால் அதை எட்டாக்கிவிடுவார்கள். ‘தகிட’ முடிந்ததும் ஒரு மூச்சு நிற்கும், அப்புறம்தான் ‘தகதிமி’. நாலு நாலாகப் போகும் சினிமாப் பாட்டு அவ்வளவு ஊறியிருக்கிறது.

“டீச்சர், நான் சரியாத்தானே போடுறேன்? கடைசியில சேர்ந்துட்டேனே!” என்றான் ஒருவன்.

“சேர்ந்தியா, சேர்த்து வச்சாங்களா? ‘மி’ல டிக் விழுந்ததே, கேட்டியாடா?”

டீச்சர் கேட்டதில் ஒரு கணக்கு இருக்கிறது. கைப்பேசி மெட்ரோநோமை 30-ல் வைத்தால் இரண்டு நொடிக்கு ஒரு ‘டிக்’. அந்த இரண்டு நொடிக்குள் ஏழு அட்சரமும் அடங்க வேண்டும், ஒவ்வொரு ‘டிக்’கும் சமத்தில் விழ வேண்டும். ஒரு அட்சரம் கூட்டிப் போடுகிறவனுக்கு முதல் சுற்றுக்குப் பிறகு வரும் ‘டிக்’ கடைசிச் சொல்லான ‘மி’யில் விழும். அடுத்த சுற்றில் ‘தி’, பிறகு ‘க’, ‘த’, அப்புறம் அவன் நிறுத்திய அந்த வெற்றிடம், ‘ட’, ‘கி’ என்று பின்னாலேயே நடந்து, கடைசியில் ‘த’வுக்கே வந்துவிடும். அவன் ஏழு சுற்று போட்டிருப்பான், மெட்ரோநோம் எட்டு முடித்திருக்கும். இரண்டுமே 56 அட்சரம். அதனால்தான் பையனுக்குச் சேர்ந்த மாதிரி தோன்றியது. நடுவில் ஏழு தடவை ‘டிக்’ சமத்தைத் தவறியதை அவன் காது கணக்கில் எடுக்கவில்லை.

இன்னொரு பிழை இருக்கிறது, என் கணக்கில் இதுதான் கள்ளத்தனமானது. சமம் ஒவ்வொரு முறையும் ‘டிக்’கோடு சரியாக விழும், ஆனால் மூன்று தட்டும் சம இடைவெளியில் இருக்கும். சரியான மிஸ்ர சாப்பில் இந்த வேகத்தில் இடைவெளிகள் சுமார் 0.86, 0.57, 0.57 நொடி. இவர்கள் போடுவது மூன்றும் 0.67. ஏழு காணாமல் போய் வெறும் மூன்றாகிவிடும். 30-ல் வைத்த மெட்ரோநோம் இதைக் காட்டிக்கொடுக்காது.

அதற்கு வேகத்தை 210-க்கு ஏற்ற வேண்டும். இப்போது ஒரு அட்சரத்துக்கு ஒரு ‘டிக்’. ஒழுங்காகப் போடுகிறவரின் மூன்று தட்டும் ஏதாவது ஒரு ‘டிக்’கின் மேலேயே விழும். சமப்படுத்துகிறவருக்கு முதல் தட்டு மட்டும் பொருந்தும். மற்ற இரண்டும் இரு ‘டிக்’குகளுக்கு நடுவே தொங்கும். அப்போது தட்டுவதை நிறுத்திவிட்டு, ‘தகிட தகதிமி’யை வாயால் மட்டும், ஒரு ‘டிக்’குக்கு ஓர் எழுத்தாகச் சொல்ல வைப்பார்கள். சொல் நிலைத்த பிறகுதான் கையைச் சேர்ப்பது.