77-ஆவது நிமிடத்தில் நின்றுபோன 4கே வீடியோ

நான் வீடியோ எடிட்டிங் செய்கிறவன். என் மேசைக்கு வரும் கிளிப்புகளில் பாதிக்கு மேல் இப்போது போனில் எடுத்தவைதான். அவற்றோடு சேர்ந்து வரும் புலம்பல்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்: இடம் தீர்ந்துவிட்டது, பாதியில் நின்றுவிட்டது, 4கே-யில்தான் எடுத்தேன் ஆனால் தெளிவாகவே இல்லை. சமீபத்தில் ஒருவர் இந்த மூன்றையும் ஒரே வீடியோவில் கொண்டுவந்தார். அதை வைத்தே சொல்லிவிடுகிறேன், எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

அவர் மகளுடைய மேடை நிகழ்ச்சி, மொத்தம் 110 நிமிடம். போனில் காலி இடம் 31 ஜிபி இருந்திருக்கிறது. தாராளம் என்று நினைத்து, இருப்பதிலேயே பெரிய செட்டிங் எதுவோ அதைப் போட்டிருக்கிறார், அதாவது 4கே, நொடிக்கு 60 பிரேம். 77-ஆவது நிமிடத்தில் இடம் தீர்ந்து பதிவு தானாக நின்றது. மகளின் நடனம் அதற்குள் முடிந்திருந்தது, நல்லவேளை. பரிசு வாங்கியது மட்டும் இல்லை.

இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய கணக்கு. ஐபோனில் Settings, Camera, Record Video என்று போனால், ஒரு நிமிட வீடியோ எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது அந்தப் பக்கத்தின் அடியிலேயே எழுதியிருக்கும், யாரும் அதைப் படிப்பதில்லை என்பதுதான் விஷயம். ஃபுல் எச்டி 30 பிரேம் என்றால் சுமார் 60 எம்பி. 4கே 30 பிரேம் 170 எம்பி. 4கே 60 பிரேம் 400 எம்பி. 31 ஜிபியை 400 எம்பியால் வகுத்துப் பாருங்கள், அந்த 77 நிமிடம் வந்துவிடும். முழு நிகழ்ச்சிக்கும் அவருக்கு 44 ஜிபி தேவைப்பட்டிருக்கும். அதையே 4கே 30-ல் எடுத்திருந்தால் 19 ஜிபிக்குள் முடிந்திருக்கும், ஃபுல் எச்டி 30-ல் ஏழு ஜிபி கூட ஆகியிருக்காது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும், பலரும் கோட்டைவிடுவது இதில்தான். மேலே சொன்ன எண்கள் எல்லாம் எச்இவிசி என்ற புதிய சுருக்க முறைக்கானவை. அதே போனில் Settings, Camera, Formats என்று போய் High Efficiency என்பதை விட்டுவிட்டு Most Compatible என்று வைத்திருந்தால் பழைய எச்.264 முறையில் பதிவாகும். அப்போது ஃபுல் எச்டி 30-க்கே நிமிடத்துக்கு 130 எம்பி, 4கே 30-க்கு 350 எம்பி. அதாவது பழைய முறையில் எடுக்கும் ஃபுல் எச்டியும் புதிய முறையில் எடுக்கும் 4கே-யும் பிடிக்கும் இடத்தில் பெரிய தூரம் இல்லை! இடம் போதவில்லை என்று தெளிவைக் குறைக்கப் போகும் முன் இந்த ஒரு செட்டிங்கைப் பார்த்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு போன்களிலும் கேமரா செட்டிங்கில் இதற்கு ஒரு சுவிட்ச் பெரும்பாலும் இருக்கும், பெயர்தான் போனுக்குப் போன் மாறும். ஒரே சங்கடம், பழைய கணினியில் எச்இவிசி கோப்பு திறக்காமல் போகலாம், அல்லது திறந்தும் திக்கித் திக்கி ஓடலாம்.

சரி, இடத்தை விடுங்கள். “இவ்வளவு பெரிய கோப்பு, அப்புறமும் ஏன் சார் மங்கலா இருக்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

வீடியோவை நிறுத்தி, ஒரு பிரேமைப் பெரிதாக்கிக் காட்டினேன். குழந்தைகளின் தலைமுடி தனித்தனி இழையாகத் தெரியவில்லை, மெழுகைத் தடவி வைத்ததுபோல ஒரே கறுப்புத் திட்டு. பின்னாலிருந்த இருட்டுத் திரையில் மணல் கொட்டியதுபோல புள்ளிகள் நெளிந்துகொண்டிருந்தன. இரண்டுக்கும் காரணம் வெளிச்சக் குறைவு. போனின் சென்சார் சிறியது, மங்கலான அரங்கில் அதற்குக் கிடைக்கும் ஒளி போதாது, அதனால் படத்தில் புள்ளி விழும். போன் அந்தப் புள்ளிகளைத் துடைக்கப் பார்க்கும், துடைக்கும்போது தலைமுடி, துணியின் நெசவு போன்ற நுண்ணிய விவரங்களும் சேர்ந்து போய்விடும். விவரம் அழிந்த படத்தை 4கே-யின் 83 லட்சம் பிக்சலில் சேமித்தால் என்ன, ஃபுல் எச்டியின் 21 லட்சத்தில் சேமித்தால் என்ன. அதோடு 60 பிரேம் வேறு. நொடிக்கு 60 பிரேம் எடுக்க வேண்டுமென்றால் ஒரு பிரேமுக்கு நொடியில் அறுபதில் ஒரு பங்குக்கு மேல் ஒளி வாங்க நேரமே கிடையாது, 30 என்றால் அதைப்போல இரண்டு மடங்கு நேரம் கிடைக்கும். இருட்டு அரங்கில் அவர் பாதி வெளிச்சத்தை விட்டுக்கொடுத்து, அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் இடத்தையும் செலவழித்திருக்கிறார். வேகமான விளையாட்டை நல்ல வெயிலில் எடுக்கும்போது 60 பிரேம் அருமையாக இருக்கும், மறுக்கவில்லை.

அப்படியானால் நல்ல வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியுமா? தெரியும், எதில் பார்க்கிறீர்கள், எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து. நல்ல பார்வை உள்ள கண்ணுக்கே ஒரு வரம்பு உண்டு. படத்தின் உயரத்தைப்போல மூன்றேகால் மடங்கு தூரம் தள்ளி உட்கார்ந்துவிட்டால், ஃபுல் எச்டியின் பிக்சல்களையே கண்ணால் பிரித்தறிய முடியாது, அதற்கு மேல் நுண்மை கூட்டினாலும் கண்ணுக்குப் போய்ச் சேராது. 43 அங்குல டிவியில் இந்தத் தூரம் சுமார் ஐந்தேமுக்கால் அடி, 55 அங்குலத்தில் ஏழேகால் அடி. பெரும்பாலானவர்கள் அதைவிடத் தள்ளித்தான் உட்காருகிறார்கள். போன் திரையில் கேட்கவே வேண்டாம், படுக்கவைத்துப் பார்க்கும்போது படத்தின் உயரம் ஏழு சென்டிமீட்டர் இருக்கும், ஒரு சாண் தள்ளிப் பிடித்தாலே வரம்பைத் தொட்டுவிடுவீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அதுவும் எப்படியும் சுருக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பினால்தான் எடுத்தது எடுத்தபடி போகும்.

ஆனால் “எங்க வீட்டு சின்ன டிவியிலயே 4கே-யில எடுத்தது நல்லா இருக்கே” என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணின் வரம்புக் கணக்கு, ஒழுங்கான ஃபுல் எச்டி படத்துக்கானது. பல போன்களில் ஃபுல் எச்டி அவ்வளவு ஒழுங்காக வருவதில்லை, சென்சாரிலிருந்து சில வரிகளை விட்டுவிட்டுப் படிப்பதாலோ, அளவுக்கு மீறிச் சுருக்குவதாலோ படம் கொஞ்சம் மென்மையாகிவிடும். அப்படிப்பட்ட போனில் 4கே-யில் எடுத்து ஃபுல் எச்டி டிவியில் போட்டால், நேரடியாக ஃபுல் எச்டியில் எடுத்ததைவிடக் கூர்மையாகவே தெரியும். உங்கள் போன் எந்த ரகம் என்று பார்ப்பது சுலபம். பகல் வெளிச்சத்தில் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, போனை ஆடாமல் நிறுத்தி, அதே இடத்திலிருந்து இரண்டிலும் பத்து பத்து விநாடி எடுங்கள். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து டிவியில் பாருங்கள், எது எது என்று தெரியாமல் வேறு யாரையாவது மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். நடுத்தர அளவு எழுத்துகளைப் படிக்க முடிவதில் வித்தியாசம் இல்லையென்றால், அந்தப் போனில் அந்த டிவிக்கு ஃபுல் எச்டி போதும்.

என்னைப் போன்றவர்கள் 4கே கேட்பது வேறு காரணத்துக்காக: வெட்டுவதற்கு. அகலத்தில் 3840 பிக்சல் இருக்கிறது என்றால், அதில் பாதியை மட்டும் வெட்டி எடுத்தாலும் 1920 மிஞ்சும், அதாவது முழு ஃபுல் எச்டி. அந்தப் பெண் மேடையின் இடது ஓரத்தில் இரண்டாவது வரிசையில் ஆடிக்கொண்டிருந்தாள். முழு மேடையும் விழும்படி எடுத்த படத்தில் அவள் சுண்டுவிரல் அளவுக்குத்தான் தெரிந்தாள். 4கே என்பதால் அவள் இருந்த பக்கத்தை மட்டும் வெட்டி, திரை நிறைய வைக்க முடிந்தது. புள்ளி இருந்தது உண்மைதான், ஆனாலும் முகம் அடையாளம் தெரிந்தது. ஃபுல் எச்டியில் எடுத்திருந்தால் அதே வெட்டுக்கு 960 பிக்சல்தான் மிஞ்சும், அதை இழுத்துப் பெரிதாக்கினால் கண் எது மூக்கு எது என்று தேட வேண்டும். கை நடுங்கியதால் வந்த படத்தின் ஆட்டத்தை எடுத்த பிறகு சரிசெய்யும்போதும் இதே கதைதான், ஓரங்கள் வெட்டுப்படும், 4கே அந்த இழப்பைத் தாங்கும்.

அடுத்த நிகழ்ச்சிக்கு அவரிடம் சொன்னது இதுதான். சுருக்க முறை High Efficiency-யில் இருக்கட்டும். பொதுவான பகுதிக்கு ஃபுல் எச்டி 30 பிரேம். ஒரே மூச்சில் ஓடவிடாமல் 10, 15 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள், ஏனென்றால் வீடியோ கோப்பின் உள் அட்டவணை பல போன்களில் பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது, நடுவில் போன் அணைந்தால் அதுவரை எடுத்தது முழுவதும் திறக்காமல் போகும் ஆபத்து உண்டு. மகள் மேடை ஏறும் முன்னால் நிறுத்தி, கேமரா திரையின் மேல் மூலையில் HD என்று இருப்பதைத் தொட்டு 4K ஆக்கிக்கொள்ளுங்கள், பக்கத்திலேயே 30 என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் திரும்ப HD.

அப்படியே செய்திருக்கிறார். போன வாரம் கோப்புகளைக் கொண்டுவந்தார், 106 நிமிடம் ஃபுல் எச்டி, நாலு நிமிடம் 4கே, எல்லாம் சேர்த்து ஏழு ஜிபியைச் சொச்சம் தாண்டியிருந்தது. இந்த முறை மகள் நடு வரிசையில் நின்றதால் வெட்டவேகூடத் தேவைப்படவில்லை. “அப்ப அந்த நாலு நிமிஷம் வேஸ்டா?” என்றார். 700 எம்பி கூட இல்லை, இருக்கட்டும் விடுங்கள் என்றேன்.