மளிகைக்கடைக்கு ஆப் வேண்டுமா, வெப்சைட் போதுமா?

ஆப் செய்து தர ஒன்றரை லட்ச ரூபாய்க்கு ஒரு கொட்டேஷன். கடை ஒரு சின்ன மளிகை. வாடிக்கையாக வாங்கும் வீடுகள் இருநூறு இருக்கும். அண்ணாச்சி பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, "சரிதானா தம்பி, பார்த்துச் சொல்லுங்க" என்று வந்தார். முன்பணத்துக்கு அப்புறம்தான் எல்லோரும் என்னிடம் வருகிறார்கள்!

அவர் கேட்டது இவ்வளவுதான். விலை தெரிய வேண்டும், ஆர்டர் போட வேண்டும், பணம் கட்ட வேண்டும், வீடு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும், ஆஃபர் வந்தால் மெசேஜ் போக வேண்டும். முதல் நான்கும் போனில் திறக்கிற சாதாரண வெப்சைட்டிலேயே நடக்கும். பணத்தை வாங்கிக் கணக்கில் சேர்க்கும் பேமென்ட் கேட்வே வைத்தால் யுபிஐயும் அங்கேயே வேலை செய்யும். வீடு இருக்கும் இடத்தை பிரவுசர் அனுமதி கேட்டு எடுத்துக்கொள்ளும், முகவரி https என்று தொடங்கினால் போதும். நோட்டிபிகேஷன்கூட ஆண்ட்ராய்டு குரோமில் போகும். ஐபோனில் மட்டும், iOS 16.4 அல்லது அதற்கு மேல் இருந்து, சைட்டை முகப்புத் திரையில் சேர்த்திருந்தால்தான் வரும். ஆஃபரை வாட்ஸப்பில் அனுப்பினால் இந்தக் கவலையே இல்லை.

எனக்கு எரிச்சல் வருவது வேறொரு பேச்சில். "பிளே ஸ்டோர்ல இருந்தா புது கஸ்டமர் வருவாங்க இல்ல?" வர மாட்டார்கள். துவரம்பருப்பு தீர்ந்துபோனால் யாரும் பிளே ஸ்டோரைத் திறந்து கடை தேடுவதில்லை. கூகுளிலோ மேப்பிலோ "பக்கத்துல மளிகைக்கடை" என்று தேடுவார்கள். அங்கே உங்கள் கடையின் பெயர், நேரம், போன் நம்பர் சரியாக இருக்கிறதா? அண்ணாச்சி கடைக்கு மேப்பில் பழைய நம்பர்தான் இருந்தது! உங்கள் கடைப் பெயர் தெரிந்தவர்தான் ஸ்டோரில் அதைத் தேடுவார். அவர் ஏற்கெனவே உங்கள் கஸ்டமர். மாதம் ஒருமுறை லிஸ்ட் போடுகிறவர், போனில் இடம் நிறைந்துவிட்டால் முதலில் உங்கள் ஆப்பைத்தான் தூக்குவார். உணவு டெலிவரி ஆப்கள் நிற்கின்றனவே என்பீர்கள். அவை வாரம் பலமுறை திறக்கப்படுகின்றன, விளம்பரத்துக்கும் கொட்டுகிறார்கள்.

அந்தக் கொட்டேஷனில் சொல்லாமல் விட்டதும் உண்டு. ஸ்டோரில் கணக்கு வைக்க கூகுளுக்கு ஒரே தடவை 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். கூகுளில் தனிநபர் கணக்கைப் புதிதாகத் திறந்தால், குறைந்தது 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதித்த பிறகுதான் ஆப்பை வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். அப்புறம் புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப அவ்வப்போது மாற்றித் தர வேண்டும். தராமல் விட்டால், புதிய போன் வாங்குகிறவருக்கு ஸ்டோரில் உங்கள் ஆப் தெரியாமலே போகலாம். அதற்கு யார், எவ்வளவுக்கு வருவார்கள் என்று கேளுங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றால் எழுதிக் கேளுங்கள்.

பல இடங்களில் ஆப் என்று தருவதே வெப்சைட்டுக்கு மேலே போட்ட உறைதான். அண்ணாச்சி கையில் ஒரு மாதிரி ஆப் கொடுத்திருந்தார்கள். டேட்டாவை அணைத்துவிட்டுத் திறந்தோம். திரையில் Webpage not available, கீழே net::ERR_INTERNET_DISCONNECTED. பிரவுசர் காட்டும் அதே பிழை! சிலர் இதை மறைக்கத் தங்கள் லோகோவைப் போட்டுவிடுவார்கள். அப்போது போன் செட்டிங்ஸில் உள்ள டெவலப்பர் ஆப்ஷனில் Show layout bounds என்பதை ஆன் செய்யுங்கள். ஒவ்வொரு பட்டனைச் சுற்றியும் கோடு விழாமல் பக்கம் முழுக்க ஒரே கட்டமாக இருந்தால், உள்ளே வெப்சைட்டாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். உறை போடுவது குற்றமில்லை. அதற்கு ஆப் விலை வாங்குவதுதான் குற்றம். உறை மட்டும் இருந்தால் ஆப்பிள் நிராகரிக்கவும் செய்யும்.

ஆப் நிஜமாகத் தேவைப்படும் இடங்களும் உண்டு. திரை அணைந்திருக்கும்போதும் டெலிவரி பையன் எங்கே என்று தெரிய வேண்டும் என்றால் பிரவுசரால் ஆகாது. விலை குறைந்த ப்ளூடூத் பில் பிரிண்டர்கள் பலவும் பிரவுசரோடு சேராது. கவனித்தீர்களா, இரண்டுமே கடைக்காரர் பக்கத்து வேலை. அதற்கு இருநூறு வீட்டிலும் ஆப் ஏற்ற வேண்டியதில்லை, பையன் போனிலும் கல்லாவிலும் இருந்தால் போதும்.

அதனால் தயவுசெய்து, பணம் கொடுக்கும் முன் ஒரு மாதம் இதைச் செய்து பாருங்கள். விலைப்பட்டியலோடு ஒரே ஒரு பக்கம், அதன் அடியில் வாட்ஸப்பைத் திறக்கும் wa.me லிங்க். அந்தப் பக்கத்தின் க்யூஆரை கல்லாவில் ஒட்டுங்கள், பில்லோடும் கொடுங்கள். நீங்கள் ஞாபகப்படுத்தாமல் எத்தனை வீடு இரண்டாவது தடவையும் அதன் வழியாக ஆர்டர் போடுகிறது என்று நோட்டில் குறியுங்கள். முதல் தடவையைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது உங்களுக்காகப் போட்டது. விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தால், ஆப் வந்தாலும் அதே வீடுகள்தான்.

எதைச் செய்தாலும் சைட்டின் பெயரான டொமைன், சைட்டை வைத்திருக்கும் ஹோஸ்டிங், பிளே கணக்கு மூன்றும் உங்கள் மெயிலில், உங்கள் பெயரில் இருக்கட்டும். பாஸ்வேர்டு செய்து கொடுத்தவரிடம் மட்டும் இருந்தால், அவர் போனை எடுக்காத நாளில் விலையைக்கூட உங்களால் மாற்ற முடியாது.