நாலு லட்சத்தில் நூறு: தேடலின் இரண்டாம் சல்லடை

பெங்களூரில் வாடகை வீடு தேடும் ஒரு தமிழ்க் குடும்பம் தேடல் பெட்டியில் இப்படி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம்: "அல்சூரில் காவிரித் தண்ணீர் வரும், அசைவம் சமைக்கத் தடையில்லாத வீடு." தளத்தில் 4 லட்சம் விளம்பரங்கள் இருக்கின்றன. அவற்றில் மூன்றை மட்டும் பார்ப்போம்.

அ: "அல்சூர் ஏரிப் பக்கம் 2 பெட்ரூம். காவிரித் தண்ணீர் உண்டு. சைவக் குடும்பத்துக்கு மட்டும்."

ஆ: "அல்சூரில் வீடு. அசைவம் சமைக்கலாம். போர்வெல் தண்ணீர்தான், காவிரி இணைப்பு இன்னும் வரவில்லை."

இ: "ஹலசூரு மார்க்கெட் அருகே. காவிரி ஒருநாள் விட்டு ஒருநாள். என்ன சமைத்தாலும் ஆட்சேபம் இல்லை."

ஹலசூரு என்பது அல்சூரின் இன்னொரு பெயர்தான் என்று தெரிந்தால், படிக்கும் எவரும் 'இ'யைத்தான் எடுப்பார்கள். தேடலின் முதல் கட்டத்துக்கு அது அவ்வளவு எளிதல்ல. அங்கே வேலை செய்வது பை-என்கோடர். ஒவ்வொரு விளம்பரத்தையும் அது தனியாகப் படித்து, 768 எண்கள் கொண்ட ஒரு வெக்டராகச் சுருக்கி முன்கூட்டியே சேமித்துவிடுகிறது. 4 லட்சம் வெக்டர்களும் சேர்ந்து சுமார் 1.2 ஜிபிதான். கேள்வி வந்ததும் அதை மட்டும் ஒருமுறை வெக்டராக்கி, அதற்குப் பக்கத்தில் இருக்கும் 100-ஐச் சேமித்த வெக்டர்களிலிருந்து எடுத்தால் போதும். சில மில்லிவினாடிகளில் முடிந்துவிடும். ஆனால் விளம்பரத்தைச் சுருக்கிய நேரத்தில் யார் என்ன கேட்பார்கள் என்று மாடலுக்குத் தெரியாது. இடம், தண்ணீர், சமையல் எல்லாம் ஒரே வெக்டருக்குள் கலந்துவிடுகின்றன. "அசைவம் கூடாது", "அசைவம் கூடும்" என்ற இரண்டும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்திலேயே போய் உட்காரும். ஆகவே மூன்று விளம்பரங்களும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் பெறும்.

இரண்டாம் கட்டத்தில் வேலை செய்யும் கிராஸ்-என்கோடர் கேள்வியையும் விளம்பரத்தையும் ஒட்டி, ஒரே உரையாகப் படிக்கிறது. மாடலின் ஒவ்வொரு அடுக்கிலும் கேள்வியின் சொற்கள் விளம்பரத்தின் சொற்களை நேரடியாகப் பார்க்கின்றன. "தடையில்லாத" என்பது "சைவக் குடும்பத்துக்கு மட்டும்" என்பதோடு மோதுவது அங்கேதான் தெரியவருகிறது. முடிவில் அந்த ஜோடிக்கு ஒரே ஒரு மதிப்பெண் கிடைக்கும்.

இந்தக் கூர்மைக்கு விலை உண்டு. கேள்வியே உள்ளீட்டின் பாதி என்பதால் எதையும் முன்கூட்டிக் கணக்கிட்டு வைக்க முடியாது. உங்கள் ஜிபியு வினாடிக்கு 1,000 ஜோடிகளைப் படிக்கும் என்று கொண்டால், 4 லட்சத்துக்கு 400 வினாடி, அதாவது 6 நிமிடம் 40 வினாடி, ஒரே ஒரு கேள்விக்கு. முதல் கட்டம் தந்த 100-ஐ மட்டும் படித்தால் பத்தில் ஒரு வினாடி. நிரல் இவ்வளவுதான்:

```python
from sentence_transformers import CrossEncoder
ce = CrossEncoder("BAAI/bge-reranker-v2-m3", max_length=512)
scores = ce.predict([(query, d) for d in top100], batch_size=32)
```

ஆனால் முதல் கட்டம் தவறவிட்டதைக் கிராஸ்-என்கோடரால் மீட்க முடியாது, அது வரிசையை மாற்றும், அவ்வளவே. 'இ'யை எழுதியவர் "ஹலசூரு" என்று எழுதியிருக்கிறார். முதல் கட்டத்தில் சொல்லுக்குச் சொல் பொருத்தும் BM25 மட்டும் இருந்தால், "அல்சூர்", "உல்சூர்", "ஹலசூரு" மூன்றும் அதற்கு மூன்று வெவ்வேறு ஊர்கள். சரியான வீடு 100-க்குள் வராமலே போகலாம். அதனால் விடை தவறும்போது முதலில் பார்க்க வேண்டியது, சரியான விளம்பரம் அந்த 100-இல் இருந்ததா என்பதுதான். இல்லையென்றால் கிராஸ்-என்கோடரை மாற்றிப் பயனில்லை. BM25, வெக்டர் இரண்டின் விடைகளையும் சேர்த்தெடுக்க வேண்டும், ஊர்ப் பெயர்களுக்கு மாற்று எழுத்துப் பட்டியல் போட வேண்டும்.

100 என்ற எண்ணும் அளந்து எடுக்க வேண்டியதே. சரியான விடை தெரிந்த 200 கேள்விகளை வைத்துக்கொண்டு, முதல் 50, 100, 200-இல் எத்தனைக்கு விடை அகப்படுகிறது என்று எண்ணுங்கள். 100-இலிருந்து 200-க்குப் போனபோது இரண்டே கேள்விகள் கூடுகின்றன என்றால், இரட்டிப்பு நேரம் கொடுப்பதில் பொருளில்லை. மிக அதிகமாக அனுப்பினால் தரம் குறையவும் கூடும்: சம்பந்தமில்லாத விளம்பரம் ஒன்றுக்குக் கிராஸ்-என்கோடர் தவறிப்போய் உயர்ந்த மதிப்பெண் தர அத்தனை வாய்ப்புகள் கூடுகின்றன.

தமிழில் இன்னொரு சிக்கல் சத்தமில்லாமல் வரும். பன்மொழி மாடல்களிலும் ஒரு தமிழ்ச் சொல், மாடல் படிக்கும் டோக்கன் என்ற சிறு துண்டுகள் பலவாக உடையும். மேலே கொடுத்த 512 டோக்கன் என்ற வரம்பு கேள்வி, விளம்பரம் இரண்டுக்கும் சேர்த்துத்தான். வீட்டுக்காரர் லிஃப்ட், பால்கனி, மெட்ரோ என்று நீட்டி எழுதி, "சைவம் மட்டும்" என்பதைக் கடைசி வரியில் வைத்திருந்தால், அந்த வரி வெட்டுப்பட்டுப் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. அந்த வீடு முதலிடத்தில் வந்து நிற்கும். சந்தேகம் வந்தால் அந்த வரியை விளம்பரத்தின் தொடக்கத்துக்கு நகர்த்தி மறுபடி மதிப்பெண் பாருங்கள். சட்டென்று விழுந்தால், இதுவரை மாடல் அந்த வரியைப் படிக்கவே இல்லை. நீண்ட விளம்பரங்களைத் துண்டுகளாக்குவது வழக்கமான மருந்து. ஆனால் இந்தக் கேள்விக்கு அது ஒத்துவராது, காரணம் துண்டுகளில் சிறந்த மதிப்பெண்ணையே விளம்பரத்தின் மதிப்பெண்ணாக எடுப்பது வழக்கம்; தடை சொல்லும் துண்டு அங்கே ஒதுங்கிவிடும். தண்ணீர், சமையல், முன்பணம் பற்றிய வரிகளைப் பிரித்தெடுத்து விளம்பரத்தின் தலையில் வைத்து அனுப்புவதே இங்கே நல்லது.