அந்த லெஹங்காவை வெட்டி நம் கடைப் படத்தில் ஒட்டலாமா?

கிளிநொச்சியில் ஏ9 வீதிக்கரைக் கடைகளுக்குப் பனர், கட்டவுட், பேஸ்புக் படம் செய்து கொடுப்பதுதான் பல வருடமாக என் தொழில். ஆவணிக் கலியாணங்கள் நெருங்கும்போது புடவைக்கடைகளிலிருந்து வருகிற வேலைகளில் ஒன்று மட்டும் மாறுவதே இல்லை. கடைக்காரர் போனை நீட்டுவார். அதில் இந்தியாவின் பெரிய டிசைனர் ஒருவர் செய்த கலியாண லெஹங்காவின் படம் இருக்கும். பக்கத்தில் நம்மூர்ப் பிள்ளை ஒருத்தியை வைத்து எடுத்த படம். "தம்பி, உந்த உடுப்பை வெட்டி இந்தப் பிள்ளைக்குப் போட்டுவிடு. கிளிநொச்சிக்கு வந்து ஆர் கேக்கப் போகினம்?"

இந்த வருடமும் ஒரு அண்ணை அப்படித்தான் வந்தார். சிவப்பு லெஹங்கா, பாவாடை முழுக்கக் கை எம்பிராய்டரி. நான் முடியாது என்றேன். ஏன் என்று அவருக்கு அரை மணித்தியாலம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே வேலையைச் செய்கிற தம்பிமாரும் கடை வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் தவறான கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். "உடுப்பைக் கொப்பி பண்ணினால் பிழையா?" என்று கேட்கிறார்கள். ஆனால் நாங்கள் முதலில் எடுப்பது உடுப்பை அல்ல, இன்னொருவர் எடுத்த படத்தை.

வேலை எப்படி நடக்கும் என்று பாருங்கள். டிசைனரின் பக்கத்திலிருந்து படத்தை இறக்கி, போட்டோஷொப்பில் பென் டூலால் உடுப்பின் ஓரத்தைச் சுற்றி வெட்டி, நம்ம பிள்ளையின் உடம்புக்கு ஏற்ப வளைத்து இழுத்து, கழுத்தடியில் நிழல் போட்டு, நிறத்தைக் கொஞ்சம் மாற்றுவோம். அந்த உடுப்பில் விழுந்த வெளிச்சம், மடிப்புக்குள் இருக்கிற நிழல், எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது என்ற முடிவு எல்லாம் அந்தப் படப்பிடிப்பாளருடையவை. அதை அப்படியே தூக்கி நம் படத்துக்குள் வைக்கிறோம்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்தையும் பதிப்புரிமை உள்ள ஆக்கமாகத்தான் பார்க்கிறது. அதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை, எடுத்த நேரத்திலிருந்தே உரிமை இருக்கிறது. பிரதி எடுப்பது மட்டுமல்ல, மாற்றியமைப்பதும் பொதுமக்களுக்குக் காட்டுவதும்கூட உரிமையாளர் அனுமதித்தால்தான் செய்யலாம். படம் எடுத்தவர் இந்தியர் என்பதால் தப்பிவிடவும் முடியாது. இந்தியாவும் இலங்கையும் பதிப்புரிமை பற்றிய பேர்ண் சர்வதேச உடன்படிக்கையில் இருப்பதால் அங்கே எடுத்த படத்துக்கு இங்கேயும் பாதுகாப்பு உண்டு. தெரிந்தே மீறினால் நீதவான் நீதிமன்றத்தில் 6 மாதம் வரை சிறை, அல்லது 500,000 ரூபா வரை தண்டம், சில வேளை இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஒரு டிசைனர் கொழும்பில் சட்டத்தரணி பிடித்துக் கிளிநொச்சிக் கடைமீது வழக்குப் போடுவாரா என்றால் அது அரிதுதான். ஆனால் முறைப்பாடு ஒன்று போனாலே பேஸ்புக் படத்தைத் தூக்கிவிடும், திரும்பத் திரும்ப நடந்தால் பக்கத்தையே மூடிவிடும். நான் முன்பு வேலை செய்து கொடுத்த ஒரு கடைக்கு, கலியாண சீசனின் நடுவில், கட்டணம் கட்டி ஓடிக்கொண்டிருந்த விளம்பரத்தோடு படம் போய்விட்டது. அந்தப் படத்தைச் செய்தவன் நான்தான்.

சரி, உடுப்புக்கு உரிமை இல்லையா? இங்கேதான் ஆட்கள் குழம்புகிறார்கள். பாவாடை, தாவணி, கைவைத்த சட்டை என்ற வெட்டுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் அந்தப் பாவாடையில் ஓடும் கொடி, மயில், பூ என்கிற வரைபு வேறு விஷயம். நமது சட்டத்தில் பிரயோகக் கலை என்று ஒரு வகை இருக்கிறது, அதாவது பயன்படுத்துகிற பொருளில் உள்ள கலைப்படைப்பு. கையால் செய்தாலும் தொழிற்சாலையில் செய்தாலும் அது உள்ளே வரும், செய்த நாளிலிருந்து 25 வருடம் பாதுகாப்பு. இதைவிட, ஒரு புதிய வடிவத்தைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் கைத்தொழில் வடிவமாகப் பதிவு செய்தால் 5 வருடம், இரண்டு தடவை புதுப்பித்தால் மொத்தம் 15 வருடம்.

இந்தியாவில் கதை கொஞ்சம் மாறும். பதியக்கூடிய ஒரு வடிவத்தைப் பதியாமல் வைத்துக்கொண்டு, தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் அதைப் பொருளாகச் செய்துவிட்டால், அந்த வடிவத்தின் பதிப்புரிமை அங்கே போய்விடும். டிசைனர் ரிது குமாரின் நிறுவனம், தன் வடிவங்களை எடுத்துவிட்டதாக பீபா என்ற உடுப்பு நிறுவனத்தின்மீது போட்ட வழக்கு 2016இல் டில்லி மேல் நீதிமன்றத்தில் இந்தக் காரணத்தால்தான் நிற்கவில்லை. அதே நீதிமன்றம் 2008இல் தருண் தஹிலியானி என்ற இன்னொரு டிசைனரின் நிறுவனத்துக்குச் சாதகமாக முடிவு கொடுத்தது, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு வடிவத்திலும் மிகக் கொஞ்ச உடுப்புகளே செய்திருந்தார்கள். "இந்தியாவில் கேஸ் தோத்தது, ஆகவே எடுக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்த 50ஐ நினைவில் வையுங்கள். கலியாணத்துக்கென்று கையால் தைக்கிற லெஹங்கா 50ஐத் தாண்டாமலே இருக்கலாம். இன்னொன்று, தோற்றது உடுப்பின் வடிவம் பற்றிய வழக்கு. அந்த உடுப்பின் படத்தை எடுப்பதற்கு அது எந்த வழியும் திறந்துவிடவில்லை.

அண்ணை சும்மா விடவில்லை. "நிறத்தை மாத்தி, பக்கம் திருப்பி, காற்பங்கை மாத்திப்போட்டால் சரிதானே?" என்றார். இப்படி ஒரு விகிதம் சட்டத்தில் எங்கேயும் இல்லை. நியாயமான பயன்பாடு என்று ஒன்று இருக்கிறது, அது விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆராய்ச்சி மாதிரியான தேவைகளுக்கு. நீதிமன்றம் பார்ப்பது நான்கு விஷயம்: எதற்காக எடுத்தாய், எந்த மாதிரியான ஆக்கம், எவ்வளவு எடுத்தாய், அதனால் உரியவரின் சந்தைக்கு என்ன ஆகும். கடை விளம்பரத்தை இதில் வைத்துப் பாருங்கள். வியாபாரத்துக்காக, கலைப்படைப்பு ஒன்றிலிருந்து, முக்கியமான பகுதி முழுவதையும், அதே வகை உடுப்பை விற்கவே எடுக்கிறோம். நான்கிலும் சறுக்குகிறது. டிசைனரின் பெயரைக் கீழே நன்றி என்று போட்டால் இன்னும் மோசம், அவருடைய சரக்கே கடையில் இருப்பதாக ஆட்கள் நம்புவார்கள். அப்படிக் குழப்புவதை நியாயமற்ற போட்டி என்று இதே சட்டம் தனியாகத் தடுக்கிறது.

ஆனால் உண்மையில் நான் இந்த வேலையை விட்டதற்குக் காரணம் சட்டம் இல்லை.

முன்பு சொன்ன அந்தக் கடையின் படத்தைப் பார்த்து, புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளையும் தாயும் பஸ் பிடித்து வந்தார்கள். 10,000 ரூபா முற்பணம் ஏற்கனவே வங்கியில் போட்டிருந்தார்கள். நான் அன்று கடையில் வேறு பனருக்கு அளவெடுத்துக்கொண்டு நின்றேன். பிள்ளை போனில் படத்தைப் பெரிதாக்கிப் பாவாடையின் அடிக்கரையைக் காட்டி இதுதான் வேண்டும் என்றாள். கடையில் எடுத்து விரித்தது நெற் துணியில் மெஷின் எம்பிராய்டரி, கரை தனியாக வாங்கித் தைத்த லேஸ். தாய் பாவாடையை உட்பக்கம் திருப்பிப் பார்த்தா. கைவேலை என்றால் பின்பக்கம் நூல் முடிச்சுகள் ஒழுங்கில்லாமல் தெரியும், மெஷின் என்றால் நூல் ஒரே சீராக ஓடும், பின்னால் வைத்த தாளின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த அம்மா தையல் தெரிந்தவ. ஒன்றும் சத்தம் போடவில்லை, "பிள்ளை, இது அது இல்லை" என்று மட்டும் சொன்னா. முற்பணத்தைத் திருப்பி வாங்க அவர்கள் இரண்டு தரம் வர வேண்டியிருந்தது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வியாபாரத்தில் பொய்த்தோற்றம் காட்டுவதைத் தடை செய்கிறது என்று பிறகுதான் படித்தேன். அந்த அடிக்கரையை நான் எவ்வளவு கவனமாக வெட்டி ஒட்டினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

இப்படிச் செய்த படத்தை நீங்களும் கண்டுபிடிக்கலாம். முகத்தில் வெளிச்சம் ஒரு பக்கத்தால் வரும், உடுப்பில் மறுபக்கத்தால் வரும். இழுத்துப் பொருத்திய இடத்தில் பூக்கள் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் இருக்கும். கை உடுப்பைத் தொடும் இடத்தில் துணி அமுங்கியிருக்காது. சந்தேகம் என்றால் கூகுள் லென்ஸில் உடுப்பை மட்டும் வட்டம் போட்டுத் தேடுங்கள், பல வேளை அசல் படமே வந்துவிடும்.

அண்ணையின் கடையில் 42,000 ரூபாவுக்கு ஒரு சிவப்பு லெஹங்கா இருந்தது. டிசைனருடையது இந்திய ரூபாவில் பல இலட்சம், இரண்டையும் ஒப்பிடவே தேவையில்லை. அண்ணை போனில் காட்டிய அதே பிள்ளைக்கு இந்த லெஹங்காவை உடுத்தி, பின்னேரம் நாலரைக்குக் கடை வாசல் நிழலில், வெள்ளை ரெஜிபோம் தாள் ஒன்றை ஒரு பக்கம் பிடித்து, நாற்பது படமளவில் எடுத்தோம். மணி வேலை மின்னுகிற மாதிரி ஒன்று, கரையைக் கிட்டத்தில் ஒன்று, உட்பக்க லைனிங் தெரிய ஒன்று. பிள்ளையிடமும் தாயிடமும் படம் எந்தெந்த இடத்தில், எவ்வளவு காலம் வரும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம், ஏனென்றால் முகம் அவளுடையது. எடுத்து முடிக்க ஒன்றரை மணித்தியாலம். அந்த டிசைனரின் படத்தை வெட்டி ஒட்ட எனக்கு அதைவிடக் கூடப் போயிருக்கும்.

பிறகு அவர் இன்னொரு கேள்வி கேட்டார், அது நல்ல கேள்வி. மொத்த வியாபாரி வட்சப்பில் அனுப்புகிற கட்டலொக் படத்தைப் போடலாமா? அவர் எடுத்த படம் என்றால், அவர் அனுமதித்தால் போடலாம். ஆனால் அந்தப் படங்களிலேயே பாதி வேறெங்கோ எடுத்தவை. முகம் வெட்டப்பட்டிருந்தால், மூலையில் எழுத்தை அழித்த மங்கல் இருந்தால், ஒரே படம் மூன்று வியாபாரிகளிடமிருந்து மூன்று பெயரில் வந்தால், தொடாதீர்கள். "இது நீங்கள் எடுத்த படமா, விளம்பரத்துக்குப் போடலாமா, வருகிற சரக்கு இதேதானா" என்று மூன்று வரி எழுதிக் கேளுங்கள். அண்ணை எனக்கு முன்னாலேயே ஐந்து பேருக்கு அனுப்பினார். இரண்டு பேர் ஆம் என்று பதில் போட்டார்கள், அந்தப் பதில்களை ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் பில்லோடு சேர்த்து வைத்திருக்கிறார். மற்ற மூன்று பேரின் படங்களை அன்றே பக்கத்திலிருந்து அழித்துவிட்டோம்.