படம் மறுஆக்கம் என்றால் பாட்டும் மறுஆக்கமா?

போன வாரம் குன்னூரிலிருந்து ஒரு பெரியவர் ஒரு பை நிறைய ஒலிநாடாக்களோடு வந்தார். அவற்றைக் கணினிக்கு மாற்றித் தருவது என் தொழில். ‘சத்மா’ என்ற இந்திப் பட நாடாவின் அட்டையில் ‘ஏ ஜிந்தகி கலே லகா லே’ பாட்டுக்கு எதிரே, ‘என் வாழ்விலே வரும் அன்பே வா மெட்டிலிருந்து எடுத்தது’ என்று மையால் எழுதியிருந்தார். இதே தவறை இந்த மாதத்தில் நான்காவது முறையாகத் திருத்துகிறேன்.

“படமே தமிழிலிருந்து போனதுதானே தம்பி, பாட்டு மட்டும் எப்படி அங்கே பிறக்கும்?” என்றார்.

இந்த நினைப்புதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. கேத்தி ரயில் நிலையத்தில் முடியும் ‘மூன்றாம் பிறை’ 1982இல் வந்தது. அதன் இந்தி வடிவமான ‘சத்மா’ 1983இல் வந்தது. ‘கண்ணே கலைமானே’ மெட்டு இந்திக்குப் போனது உண்மை. அங்கே அது ‘சுர்மயி அங்கியோன் மே’. ஆனால் ‘ஏ ஜிந்தகி’யின் மெட்டு ‘மூன்றாம் பிறை’யில் எங்கே இருக்கிறது? தேடிப் பாருங்கள், இல்லை. இந்திக்காக வந்த அந்த மெட்டு 1984இல் ‘தம்பிக்கு எந்த ஊரு’ படத்தில் ‘என் வாழ்விலே’ ஆகித் தமிழுக்கு வந்தது. இரண்டுக்கும் இசை இளையராஜாதான். ஒரே இந்திப் படத்தில் ஒரு மெட்டு இங்கிருந்து போயிருக்கிறது, இன்னொன்று அங்கிருந்து வந்திருக்கிறது. ஆகவே படத்தின் பூர்வீகத்தைக் கேட்காதீர்கள். ஒவ்வொரு பாட்டின் பூர்வீகத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

கைப்பேசிச் செயலி காட்டும் ஆண்டை நம்பவே நம்பாதீர்கள். பல நேரம் அது பாட்டை அங்கே ஏற்றிய ஆண்டு அல்லது தொகுப்பு வெளியான ஆண்டு. இசைத்தட்டின் நடுவட்டத்தில் வட்டத்துக்குள் ‘P’ போட்டு அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழின் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். தட்டு பெரும்பாலும் படத்துக்கு முன்பே கடைக்கு வந்துவிடும். அதனால் தட்டைத் தட்டோடும் படத்தைப் படத்தோடும்தான் ஒப்பிட வேண்டும். ஒரு மொழித் தட்டையும் இன்னொரு மொழிப் படத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால் சில மாத இடைவெளியில் முன்பின் மாறிவிடும்.

பிறகு காதுக்கு வேலை. பல்லவியை விட்டுவிட்டு இடையிசையைக் கேளுங்கள். வயலினும் தாளமும் அச்சாக ஒன்றாக இருந்து குரல் மட்டும் மாறியிருந்தால், அது பெரும்பாலும் மொழிமாற்றுப் படத்தின் பாட்டு. அதே ஒலிப்பதிவின் மேல் வேறு மொழி பாடியிருக்கிறார்கள். இடையிசை வேறாக இருந்தால் மெட்டை மட்டும் எடுத்துப் புதிதாகப் பதிவு செய்திருக்கிறார்கள். எது முந்தியது என்பதைக் காது சொல்லாது. அதற்குத் தேதிதான் வேண்டும்.

ஒரு வேண்டுகோள். ஊட்டி ஈரத்தில் தட்டின் உறையில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று உறையைக் குப்பையில் போட்டுவிட்டுத் தட்டை மட்டும் கொண்டு வருகிறீர்கள். உலர்ந்த துணியால் துடைத்து அதையும் கொண்டு வாருங்கள். ஆண்டும் பாடல் பட்டியலும் பல நேரம் அந்த உறையில்தான் இருக்கின்றன.